எதிர்வெளிச்சப் படத்தில் சேலை நிறத்தை மாற்றும்போது ஓரம் ஏன் அழுக்காகிறது?

கேள்வி: கடற்கரையில் சூரியன் இறங்கும் நேரத்தில் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்த அவுட்டோர் படம். பெண் மெரூன் பட்டுச்சேலை, கிட்டத்தட்ட நிழலுருவம் மாதிரி இருக்கிறார். ஆல்பத்துக்கு நேவி ப்ளூ வேண்டும் என்கிறார்கள். போட்டோஷாப்பில் Hue/Saturation போட்டால் மடிப்பெல்லாம் கரியாகிறது. கலர் மோடில் நீலம் அடித்தால் நிழல் மினுங்குகிறது. இரண்டிலும் உடம்பைச் சுற்றி ஒரு சாம்பல் கோடு வருகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில்:

இந்தப் படத்தில் சேலை ஒன்றுதான், ஆனால் அதன்மேல் மூன்று வகை வெளிச்சம் இருக்கிறது. மூன்றையும் ஒரே லேயரில், ஒரே அளவு நீலத்தில் முக்கி எடுப்பதால்தான் நீங்கள் சொல்லும் எல்லாக் கோளாறும் வருகிறது.

முதலாவது, கேமராவைப் பார்த்திருக்கும் இருண்ட பகுதி. மடிப்புகள் இருக்கும் இடம் இதுதான். இங்கே விழுவது வானத்திலிருந்தும் மணலிலிருந்தும் திரும்பி வரும் மங்கல் வெளிச்சம் மட்டுமே. இரண்டாவது, தோள், இடுப்பு ஓரங்களில் ஓடும் ஒளிக்கோடு. அது துணியின் நிறமே இல்லை, சூரியன் துணியின் மேல்பரப்பில் வழுக்கி நேராக லென்ஸுக்கு வருவது. சேலை எந்த நிறமாக இருந்தாலும் அந்தக் கோடு பொன்னிறமாகத்தான் இருக்கும். மூன்றாவது, காற்றில் விரிந்த முந்தானை. அங்கே வெளிச்சம் துணிக்குள் புகுந்து வருவதால் நிறம் மிக அழுத்தமாகத் தெரியும். முதல் பகுதியில் நிறத்தை மாற்ற வேண்டும், இரண்டாவதைத் தொடக்கூடாது, மூன்றாவதைத் தனியாக மாற்ற வேண்டும்.

முதலில் நிழல் ஏன் மினுங்குகிறது என்று பார்த்துவிடலாம். Eyedropper-இல் Sample Size-ஐ 5 by 5 Average என்று வைத்துக்கொண்டு, ஒரு ஆழமான மடிப்பின் மேல் நிறுத்தி Info பேனலைப் பாருங்கள். உங்கள் படத்தில் எண்கள் கொஞ்சம் மாறலாம், கணக்குக்காக சிவப்பு 12, பச்சை 7, நீலம் 9 என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கு அது கறுப்பு. இப்போது மேலே 20, 40, 140 என்ற நேவி ப்ளூவை கலர் மோடில் வைத்தால் என்ன ஆகும்? கலர் மோடின் வேலை, கீழே இருக்கும் பிரகாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் திணிப்பது. பிரகாசக் கணக்கில் சிவப்புக்கு 30 பங்கு, பச்சைக்கு 59 பங்கு, நீலத்துக்கு வெறும் 11 பங்கு. அதனால் அதே பிரகாசத்தை நீலத்தில் காட்ட வேண்டுமானால் நீலத்தை ஏகத்துக்கு ஏற்ற வேண்டியிருக்கிறது. கணக்குப் போட்டால் அந்தக் கறுப்பு 0, 7, 42 ஆகிவிடுகிறது. 9 இருந்த இடத்தில் 42. நீங்கள் பார்க்கும் மினுக்கம் இதுதான்.

Hue/Saturation-இல் வேறு சிக்கல். அதே 12, 7, 9 புள்ளியில் நிறக்கோணம் 336 டிகிரி. பக்கத்துப் புள்ளியில் நாய்ஸ் காரணமாக பச்சையும் நீலமும் இடம் மாறி 12, 9, 7 ஆனால் கோணம் 24 டிகிரி. இரண்டே எண் வித்தியாசத்துக்கு 48 டிகிரி ஆட்டம். கறுப்பாக இருக்கும்வரை இது யாருக்கும் தெரியாது. Hue-வைத் திருப்பி, Saturation-ஐ ஏற்றியதும் ஒரு புள்ளி ஊதா, ஒரு புள்ளி பச்சை என்று சொறி சொறியாக வரும். அதை மறைக்கத்தான் எல்லோரும் Lightness-ஐக் குறைக்கிறோம். மடிப்பு கரியாவது அங்கே.

நான் இதைக் கற்றுக்கொண்டது செலவு செய்துதான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஆல்பத்தில் இதே மாதிரி நான்கு படங்களை கலர் மோடில் மாற்றி அனுப்பினேன். என் மானிட்டரில் வெளிச்சம் குறைவாக வைத்திருந்ததால் எனக்கு எதுவும் தெரியவில்லை. அச்சாகி வந்தபோது சேலை, மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள் மாதிரி நீலமாகப் பளபளத்தது. அந்தத் தாள்களை என் காசில் மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

அதனால் இந்த வகைப் படங்களுக்கு நான் இப்போது Channel Mixer தவிர வேறு எதையும் தொடுவதில்லை. காரணம் எளிது. மெரூன் துணியில் படத்தின் விவரம் எல்லாம் சிவப்பு சேனலில் இருக்கிறது. நீல சேனலில் நாய்ஸ் தவிர பெரிதாக ஒன்றும் இல்லை. இல்லாத நீலத்தை இழுத்து ஏற்றுவதைவிட, இருக்கும் சிவப்பு சேனலையே நீலத்தின் இடத்தில் உட்கார வைத்துவிடலாம். Channel Mixer அட்ஜஸ்ட்மென்ட் லேயர் ஒன்று போட்டு இப்படி வையுங்கள்:

```
Red    :  R 10   G 90   B 0
Green  :  R 15   G 85   B 0
Blue   :  R 90   G 0    B 10
Constant : 0
```

ஒவ்வொரு வரியின் கூட்டுத்தொகையும் 100 என்பதைக் கவனியுங்கள். பேனலிலேயே Total என்று காட்டும். கூட்டுத்தொகை 100 ஆகவும் Constant பூஜ்யமாகவும் இருந்தால் கறுப்பு கறுப்பாகவும், சாம்பல் சாம்பலாகவும், வெள்ளை வெள்ளையாகவும் அப்படியே நிற்கும். நிறம் உள்ள இடம் மட்டும்தான் மாறும். மங்கல் வெளிச்சம் படும் இடத்தில் 110, 25, 35 ஆக இருந்த மெரூன் 34, 38, 103 ஆகிறது, நல்ல நேவி. நம்முடைய பழைய மடிப்புப் புள்ளி 12, 7, 9 என்னவாகிறது? 8, 8, 12. இன்னும் கறுப்புதான், லேசாக நீலம் சாய்ந்த கறுப்பு. கலர் மோடு கொடுத்த 0, 7, 42-ஐ இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இதில் இன்னொரு லாபம், தோளில் விழுந்த கூந்தல். எதிர்வெளிச்சத்தில் கூந்தலும் சேலையும் இரண்டும் கறுப்பு, அங்கே மாஸ்க் வெட்டக் கோடே கிடைக்காது. 14, 11, 9 என்ற கூந்தல் புள்ளி இந்த மிக்ஸரில் 11, 11, 14 ஆகும், யாருக்கும் தெரியாது. எனவே அந்த இடத்தில் முடி முடியாக வெட்டி உயிரை விடாமல் 20, 30 பிக்சல் மென்மையான பிரஷ்ஷால் மாஸ்க்கைத் தேய்த்துவிட்டால் போதும். தோல் மட்டும் அப்படி இல்லை. கையும் கழுத்தும் நிறம் உள்ளவை, மாஸ்க்கில் அவற்றைச் சரியாக விலக்க வேண்டும்.

சரி, மடிப்பு கரியாவது முழுக்கத் தீர்ந்ததா என்றால் இல்லை. சிவப்பில் இருந்த மேடு பள்ளம் நீலத்துக்குப் போய்விட்டது, நீலத்துக்குப் பிரகாசத்தில் 11 பங்குதான். வெளிச்சம் பட்ட மடிப்பு 40, 12, 14, ஆழ மடிப்பு 12, 7, 9 என்றால், முன்பு இரண்டுக்கும் பிரகாசத்தில் 12 எண் வித்தியாசம் இருந்தது, இப்போது 10. துணி சற்றுத் தட்டையாகத் தெரியும். மிக்ஸருக்கு மேலே அதே மாஸ்க்குடன் ஒரு Curves போட்டு, அதை Luminosity மோடில் வைத்து, 20 இருக்கும் இடத்தை 24 அல்லது 25-க்குத் தூக்குங்கள். 60-இல் ஒரு புள்ளி குத்தி வளைவை அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள். பூஜ்யத்தை நகர்த்தாதீர்கள், நகர்த்தினால் சேலைமேல் புகை படிந்த மாதிரி ஆகிவிடும்.

இதெல்லாம் ரா ஃபைல் இருந்தால் சொகுசாக நடக்கும். Camera Raw-வில் Shadows-ஐ 30, 40 ஏற்றி, நிற நாய்ஸைக் குறைத்து, 16 பிட்டில் திறந்து, நிறத்தை மாற்றிய பிறகு மேலே ஒரு Curves-ஆல் பழைய இருட்டுக்கே இறக்கிவிடலாம். ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது என்றாலும் 16 பிட்டுக்கு மாற்றிக்கொண்டே வேலை செய்யுங்கள். புது விவரம் எதுவும் வராது, ஆனால் மேற்கொண்டு படிப்படியாக உடையாமல் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். அந்தக் கம்ப்ரெஷனில் நிற விவரம் பிரகாச விவரத்தைவிடக் குறைந்த துல்லியத்தில் சேமிக்கப்படுகிறது. ஓரத்தில் சேலையின் சிவப்பு ஏற்கெனவே வானத்துக்குள் கசிந்திருக்கும், எந்த மாஸ்க்காலும் அதைப் பிரிக்க முடியாது.

இப்போது ஓரம். நிழலுருவப் படத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு: சேலைக்கும் வானத்துக்கும் பிரகாச இடைவெளி மிகப் பெரியது. மெரூனின் பிரகாசம் சுமார் 52. வானம் 250, 170, 90 என்றால் அதன் பிரகாசம் 185. பொன்னிற ஒளிக்கோடு 255, 225, 170 என்றால் 228. மாஸ்க் போடுவதற்கு முன்பே மிக்ஸர் லேயரை இரட்டைக் கிளிக் செய்து Blend If-க்குப் போங்கள். Underlying Layer-இன் வெள்ளை முக்கோணத்தை Alt அழுத்திக்கொண்டு இழுத்தால் அது இரண்டாகப் பிரியும். ஒரு பாதியை 90-இலும் மறு பாதியை 160-இலும் வையுங்கள். 90-க்குக் கீழே நிறமாற்றம் முழுதாக, 160-க்கு மேலே சுத்தமாக இல்லை, நடுவே படிப்படியாக. ஒளிக்கோடும் வானமும் தானாகவே தப்பிவிடும்.

இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். அந்தப் பொன்னிறக் கோடு வெள்ளை இல்லை, அதில் மஞ்சள் இருக்கிறது. மிக்ஸர் அதை 228, 230, 247 ஆக்கும், அதாவது டியூப்லைட் வெள்ளை. மாலை வெயிலில் நிற்கும் பெண்ணின் தோளில் டியூப்லைட் கோடு ஓடினால், பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் வெட்டி ஒட்டிய படம் என்று மனதில் பட்டுவிடும்.

Blend If பெரும்பாலான வேலையைச் செய்துவிடுவதால், மாஸ்க் தோலையும் தரையையும் விலக்கினால் போதும். வானத்தை ஒட்டிய ஓரத்துக்கு மட்டும் சேனலில் இருந்து மாஸ்க் எடுங்கள். Channels பேனலில் மூன்றையும் பார்த்தால் பச்சை சேனலில்தான் சேலை 25, வானம் 170 என்று வித்தியாசம் தூக்கலாக இருக்கும். அதை நகல் எடுத்து, தலைகீழாக்கி, Levels-ஆல் இரு பக்கமும் இறுக்கி, மாஸ்க்காகப் போடுங்கள். பென் டூலில் வெட்டிய கோடு எல்லா இடத்திலும் ஒரே கூர்மையில் இருக்கும். லென்ஸில் வரும் ஓரம் அப்படி இருக்காது, ஃபோகஸில் இருக்கும் தோளில் ஒரு மாதிரி, பின்னால் போகும் கொசுவத்தில் வேறு மாதிரி. சேனல் மாஸ்க்கில் அந்த வேறுபாடு தானாகவே வந்துவிடும்.

அப்படியும் சாம்பல் கோடு வரும். ஏனென்றால் ஓரத்தில் இருக்கும் இரண்டு மூன்று பிக்சல்களில் பாதி சேலை, பாதி வானம். அவற்றின் மேல் மிக்ஸர் ஓடும்போது சேலையின் சிவப்போடு வானத்தின் ஆரஞ்சும் சேர்ந்து நீலமாகிறது. மாஸ்க் பாதி அளவில் இருப்பதால் மாறிய நீலமும் மாறாத ஆரஞ்சும் கலக்கின்றன. ஆரஞ்சும் நீலமும் எதிர் நிறங்கள், கலந்தால் சாம்பல்தான். உங்கள் கோடு பிறக்கும் இடம் இது. ஃபெதரை ஏற்றினால் கோடு போகாது, இன்னும் அகலமாகும்.

மெரூனிலிருந்து மாற்றும்போது தீர்வு எளிது. மாஸ்க்கை ஒரு பிக்சல் உள்ளே இழுத்துவிடுங்கள். மாஸ்க்கைத் தேர்ந்தெடுத்து Filter, Other, Minimum, ஆரம் 1. ஓரத்தில் பழைய சிவப்பு ஒரு பிக்சல் மிஞ்சும், ஆனால் அதன் பக்கத்தில் ஆரஞ்சு வானமும் பொன் ஒளிக்கோடும் இருப்பதால் அது வெயிலின் பாகமாகத்தான் தெரியும். இந்தத் தந்திரம் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் துணிகளுக்கு மட்டுமே. அசல் சேலை பச்சையாக இருந்து அந்தப் பச்சை மிஞ்சினால் பாசி படிந்த மாதிரி பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். அப்போது மேலே ஒரு காலி லேயர் வைத்து, ஓரத்துக்கு வெளியே இருக்கும் வான நிறத்தை எடுத்து, Color மோடில், 30 சதவீத ஓபாசிட்டியில், அந்த ஓரத்தின் மேல் மட்டும் சிறிய பிரஷ்ஷால் தடவ வேண்டும். மூன்று, நான்கு அடி உள்ள ஓரத்துக்கு இது கால் மணி நேர வேலை. Select and Mask-இல் இருக்கும் Decontaminate Colors-ஐ நான் இங்கே நம்புவதில்லை. அது ஒளிக்கோட்டையும் சேர்த்துத் தின்றுவிடுகிறது.

முந்தானைதான் இந்தப் படத்தில் அழகான இடமும் கஷ்டமான இடமும். வெளிச்சம் புகுந்து வரும் இடத்தில் 235, 90, 60 என்று எரியும் சிவப்பு இருக்கும். அதன் பிரகாசம் 130, அதனால் நம் Blend If அதைப் பாதிக்கு மேல் காப்பாற்றிவிடும், முந்தானை ஊதாவும் சிவப்புமாக இரண்டும்கெட்டானாக நிற்கும். எனவே முந்தானையை முதல் மாஸ்க்கிலிருந்து விலக்கி, Blend If இல்லாத இரண்டாவது Channel Mixer லேயரைத் தனி மாஸ்க்குடன் கொடுங்கள்.

எந்த நீலத்துக்கு மாற்றுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். நீலத் துணி நீலத்தை மட்டும் உள்ளே விடும். மாலை வெயிலில் நீலம் மிகக் குறைவு. அதனால் உண்மையில் நேவி முந்தானை சூரியனுக்கு எதிரே எரியாது, மங்கிவிடும். வானம் 250, 170, 90. மெரூன் துணி அதில் சிவப்பை 94 சதவீதம், பச்சையை 53, நீலத்தை 67 விட்டிருக்கிறது. அந்தச் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றி, சிவப்பை இன்னும் கொஞ்சம் குறைத்து, சிவப்பு 50, பச்சை 53, நீலம் 94 என்று வைத்தால், கிடைப்பது 125, 90, 85. அது நீலமே இல்லை, சிவப்பு கலந்த பழுப்பு. இயற்பியல் அப்படித்தான் சொல்கிறது, ஆனால் ஆல்பம் வாங்குபவரிடம் அதைச் சொல்லிப் பயன் இல்லை. நான் இரண்டுக்கும் நடுவே நிற்பேன்: 100, 88, 120 பக்கம், மங்கிய ஊதா நீலம். அசலைவிட இருட்டாக இருக்கட்டும். 60, 100, 235 என்று மின்சார நீலத்தில் எரியவிட்டால் படத்தில் இருக்கும் மற்ற எல்லா வேலையும் வீண்.

ஜரிகைக் கரையை இரண்டு மாஸ்க்கிலிருந்தும் நீக்கிவிடுங்கள். மிக்ஸர் பட்டால் தங்கம் ஈயமாகிவிடும். முழங்கையின் உட்புறமும் தாடையின் அடியும் பழைய மெரூனின் சிவப்பைக் கொஞ்சம் வாங்கியிருக்கும். அங்கே Hue/Saturation-இல் Reds-ஐத் தேர்ந்து Saturation-ஐ 15 குறைத்தால் போதும்.

சரிபார்ப்பதற்கு, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தற்காலிக Curves போட்டு 64-ஐ 160-க்குத் தூக்குங்கள். அதன் மேல் Saturation 60 ஏற்றிய ஒரு லேயர். படம் அசிங்கமாக இருக்கும், அதுதான் வேண்டும். சாம்பல் கோடு, விட்டுப்போன சிவப்பு, கூந்தலில் ஏறிய நீலப்புகை எல்லாம் இப்போது பல்லிளிக்கும். திருத்திவிட்டு இரண்டையும் அழித்துவிடுங்கள். அனுப்பும் முன் அழிக்க மறந்துவிடாதீர்கள், அந்தக் கதையும் என்னிடம் உண்டு.

நேவிக்குப் பதிலாக பாட்டில் பச்சை கேட்டால் Red-க்கு G 100, Green-க்கு R 45, G 55, Blue-வை அப்படியே விடுங்கள். மெரூன் 25, 63, 35 ஆகும். பச்சைக்கு 59 பங்கு பிரகாசம் என்பதால் R-ஐ 50-க்கு மேல் ஏற்ற வேண்டாம்.

சந்தனம், ஐவரி, வெளிர் ரோஸ் கேட்டால் இந்தப் படத்தில் முடியாது என்று சொல்லிவிடுங்கள். வெளிர் துணி அந்த மங்கல் வெளிச்சத்தையே மெரூனைவிடப் பல மடங்கு திருப்பி அனுப்பியிருக்கும், அந்த விவரம் இந்தப் படத்தில் பதிவாகவே இல்லை. 12, 7, 9-ஐ 60, 70 என்று தூக்கினால் மேலே வருவது துணி இல்லை, நாய்ஸ். அதே ஷூட்டில் ரிஃப்ளெக்டர் பிடித்து எடுத்த வேறு ஃப்ரேம் இருக்கிறதா என்று போட்டோகிராஃபரிடம் கேளுங்கள்.